மங்கள்யான் புவியை நீங்கிய கணக்கு: பயனுறு நிலையாற்றலும் கூம்பு வெட்டுப் பாதைகளும்

2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி25 ஏவூர்தி, 1,337 கிலோ எடையுள்ள மங்கள்யான் கலத்தைச் செவ்வாயை நோக்கி நேராக எறியவில்லை. அதற்கான வலு அந்த ஏவூர்திக்கு இல்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 250 கி.மீ. உயரம் வரை நெருங்கி, 23,500 கி.மீ. உயரம் வரை விலகும் ஒரு நீள்வட்டப் பாதையில் அது கலத்தை விட்டுச் சென்றது. எஞ்சிய வேலை கலத்திலிருந்த ஒற்றைத் திரவ எஞ்சினின் பொறுப்பாயிற்று. 440 நியூட்டன் உந்துவிசை தரும் அந்தச் சிறு எஞ்சின், திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் இயங்கும் திரவ உந்து அமைப்புகள் மையத்தின் ஆக்கமாகும். நவம்பர் 7 முதல் டிசம்பர் 1 வரை அது பலமுறை எரிந்து நீள்வட்டத்தைப் படிப்படியாக நீட்டி, இறுதியில் அதை மூடாத வளைகோடாக மாற்றியது. இரண்டாம் ஆண்டு இயங்கியல் பாடத்தில் தலைகீழ் இருமடி மைய விசை என்ற தலைப்பில் கற்பிக்கப்படும் அனைத்தும் இந்த இருபத்தைந்து நாள் நிகழ்வில் எண்களோடு அடங்கியிருப்பதால், அப்பாடத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அந்நகரத்துக்கு அருகில் வேறு கிடைப்பது அரிது.

ஒரு நிலையான மையத்தை நோக்கி மட்டுமே செயல்படும் விசை மைய விசை எனப்படும். அவ்விசை பொருளைப் பக்கவாட்டில் திருப்புவதில்லை என்பதால், மையத்தைச் சுற்றிய கோண உந்தம் மாறாமல் நிற்கிறது. அதன் விளைவாகப் பாதை ஒரே தளத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு கிலோ நிறைக்குரிய கோண உந்தத்தை h என்றும், மையத்திலிருந்து உள்ள தொலைவை r என்றும், புவியின் ஈர்ப்பு மாறிலியையும் நிறையையும் பெருக்கிய அளவை μ என்றும் குறித்தால் (இதன் மதிப்பு 398,600 கி.மீ.³/வினாடி²), ஒரு கிலோ நிறைக்குரிய மொத்த ஆற்றல் E பின்வருமாறு அமையும்:

```
E = (1/2)(dr/dt)² + h²/(2r²) − μ/r
```

முதல் உறுப்பு, தொலைவு மாறும் வேகத்துக்குரிய இயக்க ஆற்றல். இரண்டாவது உறுப்பும் உண்மையில் இயக்க ஆற்றலே, அதாவது சுற்றும் இயக்கத்துக்குரிய பங்கு. ஆனால் h மாறிலி என்பதால் அப்பங்கு r-ஐ மட்டுமே சார்ந்த ஒன்றாக ஒடுங்கி, நிலையாற்றல் போலவே நடந்துகொள்கிறது. ஆகவே பின்னிரண்டு உறுப்புகளையும் சேர்த்துப் பயனுறு நிலையாற்றல் என்று பெயரிட்டால், தளத்தில் நிகழும் இயக்கம், ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நகரும் துகளின் இயக்கமாகச் சுருங்கிவிடுகிறது. மையத்துக்கு அருகில் h²/(2r²) வேகமாக உயர்ந்து ஒரு சுவராக எழுகிறது. தொலைவில் −μ/r மெதுவாகச் சுழியத்தை நோக்கி ஏறுகிறது. இரண்டுக்கும் இடையே வளைகோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது.

இந்த ஒடுக்கலில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடம் உண்டு. லக்ராஞ்சியன் முறையில் பழகியவர்கள், கோண வேகத்துக்குப் பதிலாக h/r² என்பதை லக்ராஞ்சியனிலேயே நேரடியாக இட்டுவிட்டுப் பின்னர் சமன்பாட்டை வருவிக்க முற்படுகிறார்கள். அவ்வாறு செய்தால் h²/(2r²) உறுப்பு எதிர்க்குறியோடு வந்து சேரும். h-ஐ மாறிலியாகக் கொள்வது இயக்கச் சமன்பாடுகளின் விளைவு. மாறல் நுண்கணிதத்தை முடிக்கும் முன்னரே அதைத் திணிப்பது முறையன்று. தவறு நிகழ்ந்திருப்பதைக் கண்டுகொள்வது எளிது: உள்புறச் சுவர் மறைந்து, பள்ளமே இல்லாமற்போய், சுற்றிவரும் ஒவ்வொரு பொருளும் மையத்தில் விழுந்துவிடும் என்று படம் சொல்லும். ஆற்றல் சமன்பாட்டிலிருந்தோ நியூட்டனின் சமன்பாட்டிலிருந்தோ தொடங்குபவருக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இனி மங்கள்யானின் தொடக்கப் பாதையை எடுத்துக்கொள்ளலாம். முதல் எரிப்புக்கு முன் அதன் சேய்மைப்புள்ளி, அதாவது புவியிலிருந்து மிக விலகிய நிலை, 23,550 கி.மீ. உயரத்தில் இருந்தது; அண்மைப்புள்ளியின் உயரம் ஏறத்தாழ 248 கி.மீ. புவியின் ஆரம் 6,378 கி.மீ. என்பதால், மையத்திலிருந்து இவ்விரண்டின் தொலைவுகள் 29,928 கி.மீ., 6,626 கி.மீ. ஆகின்றன. நீள்வட்டத்தின் மொத்த நீளம் இவற்றின் கூட்டுத்தொகையாகிய 36,554 கி.மீ.; ஆற்றல் என்பது μ-ஐ இந்த நீளத்தால் வகுத்து எதிர்க்குறி இட்டால் கிடைக்கும் எண், அதாவது கிலோவுக்கு −10.9 மெகாஜூல். அண்மைப்புள்ளியில் கலத்தின் வேகம் வினாடிக்கு 9.93 கி.மீ. என்பது இதிலிருந்து உடனே வருகிறது.

பயனுறு நிலையாற்றல் வளைகோட்டை இந்த h-க்கு வரைந்தால், பள்ளத்தின் அடி மையத்திலிருந்து 10,850 கி.மீ. தொலைவில், −18.4 மெகாஜூல் ஆழத்தில் அமைகிறது. கலத்தின் ஆற்றல் அந்த அடியில் இருந்திருந்தால் பாதை வட்டமாக இருந்திருக்கும். ஆனால் ஆற்றல் −10.9 என்னும் மட்டத்தில் நிற்கிறது. அந்த மட்டத்தில் இழுக்கும் கிடைக்கோடு வளைகோட்டை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. வெட்டும் இடங்களில் தொலைவு மாறும் வேகம் சுழியமாகி, விலகல் நெருக்கமாகவும் நெருக்கம் விலகலாகவும் திரும்புவதால் அவை திரும்பு புள்ளிகள் எனப்படுகின்றன. அண்மைப்புள்ளியில் இரு உறுப்புகளும் +49.3, −60.2, சேய்மைப்புள்ளியில் +2.4, −13.3. இரண்டு இடங்களிலும் கூட்டுத்தொகை −10.9 என்றே வருவது, கணக்கு சரியா என்று பார்க்கக் கைவசமுள்ள முதல் சோதனை.

எனினும் இந்தப் படம் சொல்லாமல் விடும் ஒன்று உள்ளது. கலம் இரண்டு தொலைவுகளுக்கு இடையே அலைகிறது என்பதை அது காட்டுகிறதே தவிர, ஒரு சுற்று முடியும்போது பாதை தன் தொடக்கத்தில் வந்து மூடிக்கொள்ளுமா என்பதைக் காட்டுவதில்லை. பள்ளம் உள்ள எந்த மைய விசைக்கும் இதே போன்ற படம் வரும். பெரும்பாலானவற்றில் பாதை மூடாமல், ஒவ்வொரு சுற்றிலும் சற்றே திரும்பிய பூவிதழ்களைப் போல் விரிந்துகொண்டே போகும். தலைகீழ் இருமடி விசையின் தனித்தன்மையை அறிய, நேரத்தை நீக்கிவிட்டு r-ஐக் கோணத்தின் சார்பாக எழுத வேண்டும். u = 1/r என மாற்றினால், சமன்பாடு எளிய சீரிசை இயக்கத்தின் சமன்பாடாக மாறிவிடுகிறது:

```
d²u/dθ² + u = μ/h²
r = p / (1 + e cos θ),   p = h²/μ
```

இரண்டாவது வரி, குவியத்தை மையமாகக் கொண்ட கூம்பு வெட்டின் சமன்பாடு. கூம்பை ஒரு தளம் வெட்டும்போது கிடைக்கும் வட்டம், நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் ஆகிய நான்கும் கூம்பு வெட்டுகள். எது கிடைக்கும் என்பதை e என்னும் மையத்தொலைத்தகவு முடிவுசெய்கிறது. u-வின் அலைவுக்கும் கோணத்தின் முழுச் சுற்றுக்கும் ஒரே காலமாக இருப்பதால்தான் நீள்வட்டம் மூடுகிறது. பள்ளத்தின் அடியில் நிகழும் சிற்றலைவைக் கணித்தாலும் இதே முடிவு வரும்: அங்கே தொலைவு அலையும் கோண அதிர்வெண்ணும் கலம் சுற்றும் கோண வேகமும் இரண்டுமே √(μ/p³) ஆகின்றன. மேலும், p என்பது பள்ளத்தின் அடி இருக்கும் தொலைவே என்பதும், e² என்பது, ஆற்றல் மட்டம் அடியிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதை அடியின் ஆழத்தால் வகுத்த ஈவே என்பதும் ஆற்றல் படத்தையும் பாதையின் வடிவத்தையும் நேரடியாக இணைக்கின்றன. தொடக்கப் பாதைக்கு ஏற்றம் 7.5, ஆழம் 18.4, ஈவு 0.41, அதன் வர்க்கமூலம் 0.64. கலம் சென்ற நீள்வட்டத்தின் மையத்தொலைத்தகவு அதுவே.

இப்போது எரிப்பின் விளைவைப் பார்க்கலாம். பாடநூல்களில் ஒரே வளைகோட்டின் மீது ஆற்றல் மட்டத்தை மேலே உயர்த்திக் காட்டுவது வழக்கம். அப்படிக் காட்டும்போது உள்புறத் திரும்பு புள்ளியும் சற்று உள்ளே நகர்கிறது. எஞ்சின் எரியும்போது உண்மையில் நிகழ்வது அதுவன்று. அண்மைப்புள்ளியில், இயக்கத் திசையிலேயே வேகத்தைக் கூட்டினால் ஆற்றலோடு கோண உந்தமும் கூடுகிறது. ஆகவே மட்டமும் வளைகோடும் சேர்ந்தே உயர்கின்றன. அப்புள்ளியில் கலத்தின் முழு வேகமும் பக்கவாட்டு வேகமே என்பதால், ஆற்றல் எவ்வளவு கூடுகிறதோ, அவ்விடத்துப் பயனுறு நிலையாற்றலும் மிகச் சரியாக அவ்வளவே கூடுகிறது. எனவே உள்புறத் திரும்பு புள்ளி இருந்த இடத்திலேயே நின்றுவிட, வெளிப்புறத் திரும்பு புள்ளி மட்டும் விலகிச் செல்கிறது. நவம்பர் 7 முதல் 9 வரை அண்மைப்புள்ளி 250 கி.மீ. உயரத்தை ஒட்டியே நின்றுகொண்டிருக்க, சேய்மைப்புள்ளி 23,550 கி.மீ. என்பதிலிருந்து 28,825, 40,186, 71,636 என்று ஏறியதன் காரணம் இதுதான்.

இதை ஒரே மூச்சில் செய்திருக்கலாமே என்ற கேள்விக்கு விடை எஞ்சினின் சிறுமையில் இருக்கிறது. 440 நியூட்டன் விசை 1,337 கிலோ நிறைக்குத் தரும் முடுக்கம், வினாடிக்கு வினாடி 0.33 மீட்டர் மட்டுமே. தொடக்க நீள்வட்டத்திலிருந்து செவ்வாய்ப் பாதைக்குத் தேவையான வேகக் கூடுதல் ஏறத்தாழ வினாடிக்கு 1.5 கி.மீ.; அதைத் தர எஞ்சின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரிய வேண்டும். அதற்குள் கலம் அண்மைப்புள்ளியை விட்டு வெகுதூரம் ஏறிப்போயிருக்கும். அங்கே எரிக்கும் எரிபொருளின் பயன் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் அண்மைப்புள்ளியை ஒட்டிய சில நிமிடங்களில் மட்டும் எரிப்பது, காலத்தைக் கொடுத்து எரிபொருளைக் காப்பாற்றும் வழி.

நவம்பர் 11 அன்று நடந்த நான்காம் எரிப்பு இந்த வரிசையில் தனியே நின்று பார்க்கத்தக்கது. அன்று வினாடிக்கு 130 மீட்டர் வேகத்தைக் கூட்டிச் சேய்மைப்புள்ளியை ஏறத்தாழ ஒரு லட்சம் கி.மீ.க்கு உயர்த்துவது திட்டம். எரிபொருள் ஓட்டத்தைத் திறக்கும் வால்வின் முதன்மை மின்சுருளையும் மாற்று மின்சுருளையும் ஒரே நேரத்தில் இயக்கிப் பார்க்கும் சோதனை அப்போது மேற்கொள்ளப்பட்டது. இரண்டும் சேர்ந்து இயங்கியபோது எஞ்சினுக்குச் செல்லும் ஓட்டம் நின்றுவிட்டது. கிடைத்த வேகக் கூடுதல் 35 மீட்டர் மட்டுமே. பெங்களூருவில் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தவர்களுக்கு இக்குறைவு முடுக்கமானியின் அளவிலும், பின்னர் பாதையை அளந்து கண்ட சேய்மைப்புள்ளியிலும் வெளிப்பட்டது: 71,623 கி.மீ. என்பது 78,276 கி.மீ. வரை மட்டுமே ஏறியிருந்தது.

மேற்சொன்ன கணக்கைக் கொண்டே இதைச் சரிபார்க்கலாம். 71,623 கி.மீ. சேய்மையுள்ள பாதையின் ஆற்றல் −4.71; அண்மைப்புள்ளியில் வேகம் வினாடிக்கு 10.527 கி.மீ. அதோடு 0.035 சேர்த்தால் ஆற்றல் −4.34 ஆகிறது, அதற்குரிய சேய்மைப்புள்ளி ஏறத்தாழ 78,800 கி.மீ. உயரம். அளந்து கண்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஐந்நூறு கி.மீ. அளவே. மறுநாள் நவம்பர் 12 அன்று 124.9 மீட்டர் வேகம் கூட்டும் துணை எரிப்பு நடந்தது. அதே கணக்கு ஏறத்தாழ 118,100 கி.மீ. என்று சொல்ல, உண்மையில் கிடைத்தது 118,642 கி.மீ. எரிப்பு ஒரு கணத்தில் நிகழ்வதாகவும், புவி ஒரு சரியான உருண்டை என்றும், நிலவே இல்லை என்றும் கொண்டு இரண்டாம் ஆண்டு மாணவர் தாளில் போடும் கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது, அந்த ஊகங்களின் தகுதியைக் காட்டுகிறது.

ஒரே அளவு குறைபாடு எல்லாக் கட்டங்களிலும் ஒரே அளவு கேட்டைத் தராது என்பதும் இங்கே புலப்படுகிறது. ஆற்றல் மட்டம் சுழியத்தை நெருங்க நெருங்கப் பயனுறு நிலையாற்றலின் வெளிப்புறச் சரிவு படுத்துக்கொள்வதால், மட்டத்தில் சிறு உயர்வு ஏற்பட்டாலும் வெட்டும் புள்ளி வெகுதூரம் நகர்கிறது. தொடக்கப் பாதையில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் கூடினால் சேய்மைப்புள்ளி 33 கி.மீ. ஏறும், நவம்பர் 12 அன்று அதே ஒரு மீட்டர் 220 கி.மீ. ஏற்றியது, நவம்பர் 16 அன்று ஆறாம் எரிப்பு முடிந்து சேய்மைப்புள்ளி 192,874 கி.மீ.யை எட்டிய பின் அது 1,100 கி.மீ.க்கும் மேல். கடைசிக் கட்டத்தில் எஞ்சின் எப்போது நிற்கிறது என்பதில் அதிகத் துல்லியம் வேண்டியிருப்பது இதனால்தான்.

192,874 கி.மீ. பாதையில் ஆற்றல் −1.94, மையத்தொலைத்தகவு 0.94, அண்மைப்புள்ளி வேகம் 10.79 கி.மீ. அதே உயரத்தில் விடுபடு வேகம், அதாவது ஆற்றலைச் சுழியமாக்கும் வேகம், 10.97 கி.மீ. ஆகவே புவியின் பிடியிலிருந்து விடுபடக் கலத்துக்கு இன்னும் தேவைப்பட்டது வினாடிக்கு 180 மீட்டர் மட்டுமே. டிசம்பர் 1 அதிகாலை 12.49 மணிக்குத் தொடங்கி 1,329 வினாடிகள் நீடித்த எரிப்பு 647.96 மீட்டர் வேகத்தைக் கூட்டியது. அதன் நடுவே, மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள், ஆற்றல் மட்டம் சுழியத்தைக் கடந்தது; அந்த ஒரு கணத்தில் பாதை பரவளையம். பரவளையம் என்பது இயற்கையில் தங்கி நிற்கும் வடிவமன்று. நீள்வட்டத்துக்கும் அதிபரவளையத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு. மீதியிருந்த எரிப்பு மட்டத்தை +5.3 வரை உயர்த்தியது. வெளிப்புறத் திரும்பு புள்ளி இல்லாமற்போய், மையத்தொலைத்தகவு 1.18 ஆகி, கலம் அதிபரவளையத்தின் ஒரு கிளையில் ஏறிச் சென்றது.

எரிப்பு ஒரு கணத்தில் நிகழ்ந்ததாகக் கொண்ட இந்த எண்களில், கடைசி எண்ணை மட்டும் சற்றுக் கூடுதலான மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். இருபத்திரண்டு நிமிடங்களில் கலம் ஏறத்தாழ 14,000 கி.மீ. பயணம் செய்திருக்கும் என்பதால், எரிபொருளின் ஒரு பகுதி உயரத்தில் செலவாகியிருக்கும். ஆயினும் ஒப்பீடு மாறுவதில்லை. +5.3 ஆற்றல் கொண்ட கலம் புவியிலிருந்து வெகுதொலைவில் வினாடிக்கு 3.2 கி.மீ. வேகத்தோடு வெளியேறும், அண்மைப்புள்ளியில் 0.65 கி.மீ. கூட்டியதற்கு வெளியே கிடைப்பது 3.2 கி.மீ. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. ஆகவே வேகமாக ஓடும் இடத்தில் கூட்டும் ஒவ்வொரு மீட்டரும் மெதுவாக ஓடும் இடத்தில் கூட்டும் மீட்டரைவிட அதிக ஆற்றலைத் தருகிறது. இதே முடிவை எட்ட, 192,874 கி.மீ. சேய்மைப்புள்ளியில், வினாடிக்கு 0.36 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் கலத்துக்கு எரிப்பு கொடுத்திருந்தால் 3.4 கி.மீ.க்கும் மேல் தேவைப்பட்டிருக்கும். கலத்திலிருந்த 852 கிலோ எரிபொருளில் அது முடியாத காரியம்.

தலைகீழ் இருமடி விசை என்ற ஊகம் தளரும் இடங்களும் இப்பயணத்திலேயே உள்ளன. புவியின் நடுக்கோட்டுப் பகுதி சற்றே பருத்திருப்பதால், நிலையாற்றலில் 1/r உறுப்போடு 1/r³ உறுப்பும் சிறிதளவு சேர்கிறது; உடனே தொலைவு அலையும் காலமும் கோணம் சுற்றும் காலமும் ஒன்றாக இருக்கும் நயம் குலைந்து, நீள்வட்டம் மூடாமல் போகிறது. நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு 19 பாகை சாய்ந்திருந்த மங்கள்யானின் தொடக்கப் பாதையில் அண்மைப்புள்ளி ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது ஏறத்தாழ 6 மணி 50 நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்றில் ஒரு பாகை முன்னே திரும்பியிருக்கும். புறப்படும் அதிபரவளையம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பது செவ்வாயின் இருப்பைப் பொறுத்து முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், இந்தத் திரும்பலைக் கணக்கில் கொள்ளாமல் எரிப்புகளின் நாள்களைக் குறிக்க இயலாது. பயனுறு நிலையாற்றல் படத்தில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது என்பது, முன்னர்ச் சொன்ன அதன் குறையை உறுதிப்படுத்துகிறது.

டிசம்பர் 4 அன்று கலம் புவியிலிருந்து 9.25 லட்சம் கி.மீ. தொலைவைக் கடந்தபோது, புவியை மையமாகக் கொண்ட கணக்கு முடிந்து, சூரியனை மையமாகக் கொண்ட கணக்கு தொடங்கியது. அங்கே பாதை மீண்டும் நீள்வட்டம். மையமும் μ-வும் மட்டும் மாறின. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை நெருங்கியபோது மூன்றாவது மாற்றம்: செவ்வாயை மையமாகக் கொண்டு பார்த்தால் கலம் நேர்க்குறி ஆற்றலோடு, அதிபரவளையத்தில் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் எரியாவிட்டால் அது செவ்வாயைச் சுற்றி வளைந்து, வந்த வேகத்திலேயே விலகிப் போயிருக்கும். பயனுறு நிலையாற்றலின் உள்புறச் சுவரில் மோதித் திரும்பும் துகளுக்கு வெளியே தடுப்பு எதுவும் இல்லை. பல மாதங்களாக ஓய்ந்திருந்த அதே 440 நியூட்டன் எஞ்சினை, அது இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய, இரண்டு நாள்களுக்கு முன் நான்கு வினாடிகள் மட்டும் எரித்துப் பார்த்தார்கள்.

வேகத்தைக் குறைக்கத் தேவைப்பட்டது வினாடிக்கு 1,099 மீட்டர். கலம் சென்றடைந்த பாதை 421.7 கி.மீ.க்கு 76,993.6 கி.மீ. என்னும் நீளமான நீள்வட்டம். செவ்வாய்க்குரிய μ-வாகிய 42,828 கி.மீ.³/வினாடி² என்பதைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தால், அண்மைப்புள்ளியில் எரிப்புக்கு முந்தைய வேகம் ஏறத்தாழ 5.73 கி.மீ. என்றும், அங்கே விடுபடு வேகம் 4.74 கி.மீ. என்றும் கிடைக்கின்றன. ஆகவே 1,099 மீட்டரில் ஏறத்தாழ 990 மீட்டர், ஆற்றலைச் சுழியத்துக்குக் கொண்டுவருவதற்கே செலவாயிற்று; பிடிபட்ட பின் நீள்வட்டத்துக்கு வடிவம் தந்தது எஞ்சிய பத்தில் ஒரு பங்கு. நவம்பர் 11 அன்று ஏற்பட்டதைப் போன்ற தடை இந்த எரிப்பில் நேர்ந்திருந்தால், பாதி முடிந்த நிலையில் மட்டம் +2.2 ஆக இருந்திருக்கும். கலம் சற்றே மெதுவான ஓர் அதிபரவளையத்தில் செவ்வாயைக் கடந்து போயிருக்கும். புவியருகே குறைந்த 95 மீட்டரை மறுநாளே ஈடுகட்ட முடிந்தது, அங்கே மட்டம் எதிர்க்குறியில் நின்றதால் கலம் அடுத்த சுற்றில் அதே அண்மைப்புள்ளிக்குத் திரும்பி வந்தே தீர வேண்டியிருந்தமையால்தான்.